பேசியே நிரப்பும் நேரம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பொங்கல் விழாவுக்குக் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளித் திடலோதான் மேடை. அறிவிப்பாளர் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் ஆசிரியர். ஒய்.பி. வரத் தாமதமானால் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பார். அதே மாலையில் சிரம்பானில் ஒரு விழா, பகாவில் ஒரு விழா என்று ஒப்புக்கொண்டவருக்கு இடைப்பட்ட பாதையே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இந்தப் பழக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கூட்டத்தில் இருப்பவர்களை அறிவிப்பாளருக்குப் பெயர் சொல்லித் தெரியும். பால்மரம் சீவிய பாட்டி ஒருவரை அழைத்து அந்தக் காலத்துப் பொங்கலைப் பற்றிச் சொல்லச் செய்வார்; கூட்டம் கலையாது. வெளியூரிலிருந்து காசு கொடுத்து அழைத்து வரும் அறிவிப்பாளரால் இது முடியாது.

ஆனால் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டியதும் ஒரு தாமதம் வேறு இரண்டு சிக்கல்களைக் கொண்டுவருகிறது. சொல்ல எதுவும் மிஞ்சாதபோது கை விருந்தினர் குறிப்புத் தாளுக்குப் போகும். அது சென்ற ஆண்டுத் தாளாக இருக்கலாம். மாநில ஆட்சியாளர் துவாங்கு முஹ்ரிஸின் பிறந்தநாள் ஜனவரி 14. அதையொட்டித்தான் மாநில விருதுப் பட்டியல் வெளிவரும். பொங்கலும் அதே நாட்களில். நேற்று டத்தோ ஆனவரை இன்று வெறும் திருவாளர் என்று மூன்று முறை அறிவித்துவிடுவது இப்படித்தான். தவறு தெரிந்ததும் நீண்ட மன்னிப்பில் இறங்கினால் பிழைதான் பெரிதாகும். அடுத்த வாக்கியத்தில் சரியான பட்டத்தோடு பெயரைச் சொல்லி, புதிய விருதுக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாவது சிக்கல் மைக். காலையில் பொங்கல் வைத்தபோதே பயன்படுத்திய கம்பியில்லா மைக், மாலையிலும் ஒரு மணி நேரம் ஓயாமல் ஓடினால், சரியாக விருந்தினர் பேசும்போது பேட்டரி தீர்ந்துவிடும். குரல் விட்டுவிட்டுக் கேட்பது அதற்கு அறிகுறி. அப்போது தட்டிப் பார்ப்பதிலும் 'ஹலோ, ஹலோ' என்பதிலும் பயனில்லை. ஒலிபெருக்கிக்காரர் ஏற்கெனவே இணைத்து வைத்த கம்பி மைக் ஒன்று மேடையோரம் இருக்க வேண்டும். பேசுபவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அது அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

இதற்கெல்லாம் மூலம், விருந்தினர் வராமல் எதையும் தொடங்கக்கூடாது என்ற பிடிவாதம். 7.30 மணிக்கு விழா, ஒய்.பி. வருவது 8.40 என்று வைத்துக்கொள்வோம். முகப்பூச்சு வியர்வையில் கரைய, பரதநாட்டிய உடையில் பிள்ளைகள் அதுவரை பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னால் ஏற்க முடியாதது இதுதான். இறைவாழ்த்து, வரவேற்புரை, இரண்டு நடனங்கள் ஆகியவற்றை அவர் வருமுன்பே முடித்துவிடலாம். பரிசளிப்பை மட்டும் அவருக்காக வைத்திருந்தால் மரியாதைக்கும் குறைவில்லை. நடனத்தின் நடுவே அவர் வந்தால், பாட்டை நிறுத்தி உறுமி மேளம் முழக்காமல், ஆட்டம் முடியும்வரை வாசலில் ஓரிரு நிமிடம் தாமதிக்கச் சொல்லலாம்.

இந்த முடிவை அந்த நிமிடத்தில் அறிவிப்பாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அழைப்பிதழ் அச்சாகும் முன்பே குழுத் தலைவர் ஒய்.பி.யின் உதவியாளரிடம் பேசிவிட வேண்டும்: "நாங்க ஏழரைக்கே ஆரம்பிச்சிடுவோம். அவர் எப்ப வந்தாலும் நடக்கிற நிகழ்ச்சி முடிஞ்சதும் மேடை அவருக்குத்தான்." பட்டத்தையும் அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.