செயலாளர் வழியாக வரவும்

கோகலின் ‘மேல்கோட்டு’ கதையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘ஐயோ பாவம் அகாக்கி’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். இந்த முறை வாசித்தபோது எனக்குப் பரிதாபத்தைவிட இன்னொன்று உறுத்தியது. 1842-ல் வெளியான இந்தக் கதை, ஒரு மனு ஏன் நகர்வதில்லை என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது.

அகாக்கி ஒன்பதாம் படிநிலைக் குமாஸ்தா. பேரரசர் பீட்டர் 1722-ல் கொண்டுவந்த பதவிப் பட்டியலில் மொத்தம் 14 படிகள். கோகல் எழுதிய காலத்தில், எட்டாம் படிக்கு ஏறிவிட்டால் பரம்பரைப் பிரபு. அகாக்கி அதற்கு ஒரே ஒரு படி கீழே, ஐம்பது வயது தாண்டியும் நகல் எழுதிக்கொண்டிருக்கிறார். வருடச் சம்பளம் 400 ரூபிள். புதுக் கோட்டுக்கு 80 ரூபிள், அதாவது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

போட்ட முதல் நாளே கோட்டு பறிபோகிறது. வீட்டுக்காரி சொல்கிறாள்: கீழே உள்ள போலீஸ்காரனிடம் போகாதே, ஏமாற்றிவிடுவான், நேரா மேல போ. போகிறார். அந்த அதிகாரியோ ‘ராத்திரி அவ்வளவு நேரம் எங்கே சுத்தினே?’ என்கிற மாதிரி விசாரிக்கிறார். ஆபீஸில் ஒருவர், முக்கியப் புள்ளி ஒருவரைப் பார்த்தால் அவர் நாலு இடத்துக்கு எழுதி வேலையை வேகப்படுத்துவார் என்கிறார்.

அந்த முக்கியப் புள்ளி பதவி உயர்வு பெற்று அதிக நாளாகவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்க்க வந்த பழைய நண்பர் பக்கத்தில் இருக்கிறார். அவர் எதிரில் கெத்து காட்ட வேண்டுமே! மனுவை முதலில் அலுவலகத்தில் கொடுத்து, அங்கிருந்து பிரிவுத் தலைவர், துறைத் தலைவர், செயலாளர் என்று ஏறியல்லவா தன்னிடம் வர வேண்டும் என்று கத்துகிறார். நம்மூர் பாஷையில் ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’. அகாக்கி தயங்கித் தயங்கி, செயலாளர்களை நம்ப முடியாதே என்கிறார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே விமர்சனம் அதுதான். உடனே அது மேலதிகாரிகளுக்கு எதிரான இளைஞர்களின் கலகமாகிவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் இளைஞராம்!

பொறி இங்கேதான் இருக்கிறது. வரிசையில் போனால் காகிதம் கீழேயே கிடக்கும். வரிசையைத் தாண்டினால் அதுவே குற்றம். இதில் கெட்டவன் என்று ஒருவனைக் காட்டவும் முடியாது. அந்த அதிகாரிகூட நல்ல மனுஷன்தான், பதவிதான் அவரைக் குழப்பிவிட்டது என்கிறார் கோகல். பிறகு மனசு உறுத்தி அவர் ஆளனுப்பும்போது அகாக்கி இறந்துவிட்டிருக்கிறார். ஆபீஸுக்கு விஷயம் தெரிவது புதைத்து நாலாம் நாள். மறுநாளே அந்த நாற்காலியில் வேறொருவர், எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்வாக.

கடைசியில் வரும் பேயைப் பலரும் பழிவாங்கல் என்று வாசிக்கிறார்கள். அது சாதித்தது என்ன? கோட்டைப் பறிகொடுத்த பிறகு முக்கியப் புள்ளி கீழே உள்ளவர்களிடம் கத்துவதைக் குறைத்துக்கொள்கிறார். கத்தினாலும், முதலில் விஷயத்தைக் காதில் வாங்கிவிட்டுத்தான் கத்துகிறார். அவ்வளவுதான். அந்தச் சின்னச் சீர்திருத்தத்துக்கே ஒரு குமாஸ்தா செத்துப் பேயாக வர வேண்டியிருந்தது.