புதுக் கணக்கு, பழைய பாக்கி

கொல்கத்தாவில் பொய்லா பொய்ஷாக் அன்று, அதாவது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் வங்காளப் புத்தாண்டில், கடைக்காரர்கள் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தைக் காளிகாட்டுக்கோ தட்சிணேஸ்வரத்துக்கோ எடுத்துப்போய்ப் பூஜை செய்து வருவார்கள். இதற்கு 'ஹால்காதா' என்று பெயர். வாடிக்கையாளர்களுக்கு அழைப்பு போகும். வருகிறவர் பழைய பாக்கியை முடிந்தவரை கட்டுவார். மிட்டாய்ப் பெட்டியும் வங்காள நாட்காட்டியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். பாக்கியைக் கட்டச் சொல்லி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. பஞ்சாங்கம் குறித்த நாளே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

முகம் கோணாமல் கடனை முடிக்கும் இந்த ஏற்பாட்டை, வெளியூரிலிருந்து சரக்கு அனுப்பும் நம்மவர்கள் இன்று ஒரு கடிதத்தால் செய்யப் பார்க்கிறார்கள். எப்போதும் தாமதமாகப் பணம் தரும் கடைக்கு, 'இனி முன்பணம் வந்தால்தான் சரக்கு' என்று பணிவாக எழுதும் கடிதம் அது. அந்த வழக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதுதான் கேள்வி.

நான் கணக்குப் பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று, கொல்கத்தாவின் படாபஜார் மொத்தக் கடை ஒன்றுக்கு மாதம் 2 லட்ச ரூபாய்ச் சரக்கு அனுப்பி வந்தது. பேசிய தவணை 30 நாள். பணம் வந்ததோ சராசரியாக 75 நாளில். 30 நாள் என்றால் வெளியே நிற்க வேண்டியது 2 லட்சம்; 75 நாள் என்பதால் நின்றது 5 லட்சம். கூடுதலான 3 லட்சத்துக்கு வங்கி வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 3,000 ரூபாய். விற்பனையில் அது ஒன்றரை சதவீதம். நிகர லாபமே 6 சதவீதம் உள்ள தொழிலில் அதில் கால் பங்கு போகிறது. பணம் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அந்தச் சரக்குக்கான ஜிஎஸ்டியைக் கம்பெனிதான் கட்டியாக வேண்டும். ஆக, முன்பணம் கேட்பதில் தவறே இல்லை. சரக்குக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டியும் கிடையாது, பில் போடும்போது கட்டினால் போதும்.

சிக்கல் கடிதத்தின் வாசகத்தில் தொடங்குகிறது. கம்பெனியின் முதல் வரைவு இப்படி இருந்தது: 'எங்கள் நிர்வாகக் கொள்கை மாறியுள்ளதால், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் முன்பண முறை அமலாகிறது.' படிக்க நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொய். அதே தெருவில் இன்னும் இரண்டு கடைகளுக்குக் கடனில் சரக்குப் போய்க்கொண்டிருந்தது. படாபஜாரில் ஒரே தரகர் நாலு கடைக்கு ஏறி இறங்குவார். மாலைக்குள் உண்மை தெரிந்துவிடும். தாமதமாகத் தருகிறாய் என்று நேரே சொல்லியிருந்தால் ஒருநாள் கோபத்தோடு போயிருக்கும். பொய் சொல்லி ஒதுக்கினார்கள் என்பது வருடக்கணக்கில் நிற்கும். நயமான கடிதங்களில் நான் காணும் பெரிய குறை இதுதான். சொல்லும் விதத்தில் இருக்க வேண்டிய நயத்தைச் செய்திக்குள் கலந்துவிடுகிறார்கள்.

வங்காளக் கடைகளில் 'ஆஜ் நகத், கால் தார்' என்று பலகை தொங்கும். நம் ஊர்க் கடைகளின் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்பதேதான். அந்தப் பலகை யாரையும் புண்படுத்துவதில்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே எல்லோருக்கும் பொது. கம்பெனியும் அப்படி ஒரு விதியைத்தான் வைக்க வேண்டியிருந்தது. மூன்று பில்கள் 60 நாளைத் தாண்டினால் அடுத்த ஆர்டர் முன்பணத்தில். யார் முன்பணம் தந்தாலும் 2 சதவீதம் கழிவு. 75 நாள் வட்டியே ஏறக்குறைய இரண்டரை சதவீதம் ஆகிறது, எனவே கழிவு கொடுத்தும் நஷ்டமில்லை. விதியில் ஆள் பெயர் இல்லை, நாள் எண்ணிக்கைதான் இருக்கிறது. கடைசியில் போன கடிதம் இது:

'எட்டு வருடமாக நம் இரு தரப்புக்கும் இடையே நல்ல உறவு இருக்கிறது. சமீபத்திய மூன்று பில்களும் 60 நாளைத் தாண்டியதால், புதிய ஆர்டர்களுக்குப் பில் தொகை வந்தபின் சரக்கு ஏற்றுகிறோம். அதற்கு 2 சதவீதம் கழிவு உண்டு. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்கள் பழைய தவணையிலேயே வரும். பழைய பாக்கி முடிந்து, ஆறு ஆர்டர் இப்படி நடந்தபின் தவணை பற்றி மறுபடி பேசுவோம்.'

திரும்பி வர ஒரு வழி வைத்த அந்தக் கடைசி வரியால்தான் இது தண்டனையாகப் படவில்லை. ஒப்புக்கொண்ட ஆர்டரின் நிபந்தனையை நடுவில் ஒருதலையாக மாற்ற முடியாது என்பதால் அதற்கு முந்தைய வரியும் அவசியம்.

ஆனால் முன்பண முறை பழைய 5 லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட வசூலித்துத் தராது. கோபித்துக்கொண்ட கடைக்காரர் வேறு கம்பெனிக்குப் போனால் பாக்கியும் கூடவே போய்விடும். அதனால் கடிதத்துக்கு முன்பே பாக்கித் தொகையை எழுத்தில் உறுதிசெய்து கையெழுத்து வாங்க வேண்டும். 1963 வரம்புச் சட்டப்படி, கெடு முடிவதற்குள் வாங்கிய அந்த ஒப்புதலின் தேதியிலிருந்து மூன்று வருடக் கெடு புதிதாகத் தொடங்கும். இன்னொரு ஆபத்து நம் பக்கம் இருக்கிறது. புது ஆர்டருக்கென்று 80,000 ரூபாய் வந்ததும், அதைப் பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொள்ளக் கை பரபரக்கும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, இன்ன கணக்குக்கு என்று சொல்லித் தந்த பணத்தை வாங்கிக்கொண்டால் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். மீறினால் பணமும் போய் சரக்கும் வராத கடைக்காரர் நம்மைத் திருடன் என்பார், அதில் நியாயமும் இருக்கும். புதுப் பணத்துக்கு ஒரு கணக்கு, பழைய பாக்கிக்கு மாதத் தவணையோடு தனிக் கணக்கு என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும்.

கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு குறை தெரியும், அதை நம்மவர்கள் பேசுவதே இல்லை. கடனில் வாங்கும்போது ஓட்டைத் துணியோ பீஸ் குறைவோ வந்தால் பில்லில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். அவரிடம் இருந்த ஒரே பிடி அது. முன்பணத்தில் அந்தப் பிடி போய்விடுகிறது. பணம் வந்து எத்தனை நாளில் லாரி ஏறும், குறைச் சரக்குக்கு எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று கடிதத்தில் இல்லாவிட்டால், நயமான சொற்களுக்குள் அநியாயமே இருக்கிறது. எங்கள் கடிதத்திலும் முதலில் அது இல்லை. கடைக்காரர் போனில் கேட்டபிறகே சேர்த்தோம்: ஏழு நாளில் லாரி, பதினைந்து நாளில் பணம்.

காலமும் பார்க்க வேண்டும். துர்கா பூஜைச் சரக்கு ஏறும் ஆடி, ஆவணியில் இந்தக் கடிதம் போனால் கழுத்தைப் பிடிப்பதுபோல் ஆகும். சரக்கு வேண்டுமே என்று அப்போதைக்குச் சம்மதிப்பார், பூஜை முடிந்ததும் விலகுவார். பூஜை வசூல் கைக்கு வந்தபின், படாபஜாரின் மார்வாடிக் கடைகள் புதுக் கணக்குத் தொடங்கும் தீபாவளியை ஒட்டி அனுப்புவதே முறை. வங்காளிக் கடையென்றால் ஹால்காதா நாள் பொருந்தும்.

எங்கள் கடிதம் தீபாவளி முடிந்த வாரத்தில் போனது. அந்தக் கடையின் ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழைய 5 லட்சம் ஐந்து மாதத் தவணையில் வந்து சேர்ந்தது.