வினிமயத்துக்கு ஒரு சொல்

பாவாணரை ரசிப்பவர்கள் பலரும் அவருடைய வேர்ச்சொல் ஆய்வில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அவருடைய சொல்வளக் கட்டுரைதான் பெரிது. தாள், தோகை, ஓலை என்று நெல்லின் இலைக்கும் கரும்பின் இலைக்கும் தென்னையின் இலைக்கும் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருப்பதை அவர் அடுக்கிக் காட்டும் இடம் அது. 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர் நேசித்தது தூய்மையை மட்டுமல்ல, பிரித்தறியும் திறத்தையும்தான். அவர் பெயரைச் சொல்லி இன்று வடசொல்லைக் களைபவர்கள் அதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களிலும் காணக்கூடிய வாசகத்தை எடுத்துக்கொள்வோம்: “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இதைத் தமிழாக்கினால், “பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என வழிவழியாக, கொடுக்கவும் மாற்றவும் விற்கவும் தக்கபடி, முழு உரிமையோடு ஆண்டுகொள்ள வேண்டியது” என்று வரும்.

கேட்க இதமாக இருக்கிறது. பாதி இடங்களில் லாபமும்கூட. புத்திரன் மகனை மட்டும் சொல்வான். பிள்ளைகள் என்றால் மகளும் உண்டு. பாத்தியதை உரிமையையும் குறிக்கும், சொத்தின் மேலுள்ள கடன் பொறுப்பையும் குறிக்கும். ‘முழு உரிமை’யில் அந்தக் குழப்பம் இல்லை. விக்கிரயத்துக்கு விற்பனை அப்படியே பொருந்துகிறது. இடறுவது வினிமயத்தில்தான். ஒரு பங்காளி கிணற்றடியில் ஒரு ஏக்கரைக் கொடுத்து, மற்றவரிடம் மேட்டாங்காட்டில் ஒன்றரை ஏக்கரை வாங்கிக்கொள்கிறார். நடுவில் பணம் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதை விற்பனையிலிருந்தும் கொடையிலிருந்தும் பிரித்துத் தனி இயலில் வைக்கிறது. ‘மாற்றுதல்’ என்று எழுதினால் பட்டா மாற்றமா, நில மாற்றமா என்று கேள்வி வரும். ‘கைமாற்று’ என்றால் ஊரில் சீட்டில்லாத கடன். ‘ஈடு’ என்றால் அடமானம். ‘பண்டமாற்று’ சந்தைச் சரக்குக்குப் பொருந்தும், நிலத்துக்கு ஒட்டாது. நல்ல தமிழ்ச் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன.

கையெழுத்துப் போடுபவருக்கே புரியாத வாசகத்தில் என்ன துல்லியம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் துல்லியம் வடமொழியின் பிறவிக்குணம் என்று நான் சொல்லவில்லை. ‘ஒத்தி’ என்ற சொல்லைப் பாருங்கள். கடன் தீரும்வரை நிலத்தைக் கடன் கொடுத்தவர் ஆண்டு பலன் எடுத்துக்கொள்வதை அந்தச் சின்னச் சொல் முழுதும் சொல்லிவிடுகிறது, ஏனென்றால் தலைமுறைகளாகப் பத்திரத்தில் அதற்கு அந்த ஒரே வேலைதான். வினிமயத்துக்கு அப்படி உழைத்த சொல் நம்மிடம் இல்லாதவரை, நீளத்தை விலையாகக் கொடுத்துத்தான் எளிமையை வாங்க வேண்டும்: “பணமின்றிச் சொத்துக்குச் சொத்தாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளவும்.” ஒரு சொல் ஐந்தாகிறது. அந்த ஐந்தையும் எழுதச் சோம்பி ‘மாற்றவும்’ என்று முடித்துவிட்டால், வில்லங்கம் பார்க்க வருபவர் எது மாறியது என்று தேடிக்கொண்டிருப்பார்.