மாற்றலாகிப் போகிறவரின் கையெழுத்து

அந்தமானில் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களில் பலர் தீவுக்காரர்கள் அல்லர். மத்திய அரசு அதிகாரிகள், கடற்படை, கடலோரக் காவல்படைக் குடும்பங்கள், வங்கி மேலாளர்கள் என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வந்து குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகிறவர்கள் அவர்கள். வேலை செய்பவர்களோ அங்கேயே இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் பத்து ஆண்டுகள் கார் ஓட்டிய ஒருவர் நான்கு குடும்பங்களைப் பார்த்திருப்பார். அந்த நான்கு பேரும் இன்று டெல்லியிலோ விசாகப்பட்டினத்திலோ இருப்பார்கள். ஐந்தாவது குடும்பம் கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்கும்போது அவரைப் பற்றி அதற்குச் சொல்ல மிச்சமிருப்பது ஒரு தாள் மட்டுமே. சென்னையில் என்றால் பழைய முதலாளி பக்கத்துத் தெருவில் இருப்பார், கேட்டுக்கொள்ளலாம். இங்கே நடுவில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. அப்படியிருந்தும் இந்தத் தாள் பெரும்பாலும் சாமான் கட்டும் கடைசி இரவில், வேலை செய்தவருக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில், நாலு வரியில் எழுதப்படுகிறது: இவர் எங்களிடம் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார், நேர்மையானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

நல்ல மனத்தோடு எழுதப்பட்டாலும் இந்தக் கடிதம் எதையும் தெரிவிப்பதில்லை. எல்லோருக்கும் இதையே எழுதினால் நல்ல டிரைவரையும் சுமாரான டிரைவரையும் பிரித்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. இழப்பு முதலில் விழுவது நல்ல டிரைவர் தலையில்தான். நோய் பழையது. வெள்ளைக்காரர் காலத்தில் சமையல்காரரும் ஆயாவும் பழைய துரைமார் எழுதிக்கொடுத்த துண்டுத் தாள்களைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். இந்துஸ்தானியின் ‘சிட்டி’ ஆங்கிலத்தில் ‘சிட்’ ஆனது. அந்தத் தாளுக்கும் அதே பெயர். தாள்கள் கைமாறுகின்றன, இரவல் போகின்றன என்ற புலம்பலும் கூடவே பிறந்தது. பிரிட்டனில் 1792-இலேயே போலி நன்னடத்தைச் சான்றைத் தண்டிக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். ஜெர்மனி நேர்வழியில் போய்ப் பார்த்தது: வேலையை விட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும் சான்று கேட்கும் உரிமை உண்டு, அது உண்மையாகவும் இருக்கவேண்டும், அவருக்குக் கெடுதல் செய்யாததாகவும் இருக்கவேண்டும் என்றது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நிறைவேற்ற முடியாமல் முதலாளிகள் ரகசிய மொழி ஒன்றை வளர்த்துக்கொண்டார்கள். ‘முயற்சி எடுத்துக்கொண்டார்’ என்று அங்கே எழுதினால் வேலை உருப்படவில்லை என்று பொருள். கண்டிப்பைத் தவிர்க்கப் போய்ப் புகழ்ச்சியே வசவாகிவிட்டது. நம் ஊர்க் கடிதங்கள் அந்த அளவு தந்திரமானவை அல்ல, வெறுமையானவை மட்டும்.

அதற்காகக் கடிதமே வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் ஏபெல், பர்கர், பிரைனோ என்ற மூன்று பொருளியலாளர்கள் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனை இதற்கு வலுவான சான்று. விண்ணப்பத்தோடு பழைய முதலாளியின் கடிதம் ஒன்றை இணைத்தபோது முதலாளிகள் திரும்ப அழைப்பது 60 சதவீதம் கூடியது. கூடுதல் பலன் முக்கியமாகப் பெண்களுக்கே. ஏன் என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம்தான் நமக்கு வேண்டியது: கடிதம் திறமையைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிவித்தது, முதலாளிகள் அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, பயன்பட்டது தாளில் இருந்த தகவல். அப்படியானால் புதுக் குடும்பம் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத எதைப் பழைய குடும்பம் பார்த்திருக்கிறது என்பதே கடிதம் எழுதுபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். உரிமம் உண்டா, எந்த வகை வண்டிக்கு, எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் உரிமத்திலேயே இருக்கிறது. அரசின் பரிவாகன் தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் அதற்கு இடம் வீணாக்கவேண்டாம். உரிமம் சொல்லாதவை வேறு. அந்தமான் கிழக்கில் வெகுதூரம் தள்ளிக் கிடந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு டியூஷன், நீச்சல் என்று பிள்ளைகளை அழைத்துவருவதெல்லாம் இருட்டில் ஓட்டுவதுதான். எதிர்வெளிச்சத்தில் தடுமாறும் கண் உள்ளவருக்கு இங்கே பாதி வேலை கடினம். ஊர் மேடும் பள்ளமுமானது. ஆண்டில் பாதிக்கு மேல் மழை. வடக்கே பாராடாங் போகவேண்டுமென்றால் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா காப்பகத்தின் வழியே போலீஸ் பாதுகாப்போடு வரிசையாகச் செல்லவேண்டும். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்த விருந்தாளி ‘ஒரு நிமிஷம் நிறுத்துப்பா’ என்று சொன்னால் மறுத்துவிட்டு ஓட்டும் மனிதரா என்பது பரிவாகன் தளத்தில் இருக்காது.

இதையெல்லாம் பார்த்த ஒரு குடும்பம் இப்படி எழுதலாம்: “2022 ஜூலை முதல் 2025 மே வரை எங்கள் வீட்டில் முழுநேர டிரைவராக இருந்தார். கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் இரண்டும் ஓட்டினார். தினமும் காலை ஆறேமுக்காலுக்கு இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச்சென்றார். மூன்று ஆண்டில் தாமதமானது இரண்டு முறை, இரண்டு முறையும் முன்கூட்டியே போன் செய்தார். பாராடாங்குக்கு ஐந்து முறை ஓட்டினார், வழியில் ஒருபோதும் நிறுத்தியதில்லை. 2023 மழைக்காலத்தில் பின்னுக்கு எடுக்கும்போது சுவரில் உரசி பம்பர் உடைந்தது. நாங்கள் கேட்கும் முன்னரே அவரே சொன்னார். இருட்டிய பிறகு மெதுவாகத்தான் ஓட்டுவார். இரவில் அவசரம் அடிக்கடி வரும் வீட்டுக்கு இதை யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாற்றலாகிப் போவதால் விலகுகிறார். மேலும் கேட்க இந்த எண்ணுக்கு மாலையில் அழைக்கலாம்.” இந்த மனிதரை நான் கற்பனை செய்துகொண்டேன். ஆனால் இந்தக் கடிதத்தில் ‘நேர்மை’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பம்பர் உடைந்ததைத் தானாகச் சொன்னார் என்ற வரி அதை அடைமொழியைவிட உறுதியாகச் சொல்லிவிடுகிறது.

சமையல், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே முறைதான். ‘ஒரு பொருளும் காணாமல் போனதில்லை’ என்று எழுதுகிறவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். ஆனால் அது சந்தேகத்தை முதலில் கிளப்பி, பிறகு தள்ளுபடி செய்கிற வாக்கியம். அதற்குப் பதில், நாங்கள் ஊருக்குப் போன நாட்களில் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது, மோகன்புரா சந்தைக்கு வாரம் ஒருமுறை பணம் கொடுத்தோம், சில்லறையும் கணக்கும் அன்றே வந்துவிடும் என்று எழுதலாம். எத்தனை பேருக்குச் சமைத்தார், எந்த வகைச் சமையல், குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்டாரா, எந்த வேலையை முதலிலேயே மறுத்தார் என்பவையும் இடம்பெறலாம். ஒன்றை மட்டும் எழுதக் கூடாது: சம்பளம். பழைய தொகை தாளில் ஏறிவிட்டால் புதுக் குடும்பத்தின் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

குறை எழுதினால் அந்த ஆளின் பிழைப்புக்கே கேடு என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஊர் சிறியது, குவார்ட்டர்ஸ் வட்டம் இன்னும் சிறியது. ‘கோபக்காரி’ என்று ஒரு சொல் சுற்றிவந்தால் ஒரு பருவம் முழுக்க வேலை கிடைக்காமல் போகலாம். ஆனால் ‘கோபக்காரி’ என்பது தீர்ப்பு. அதன் பின்னால் நடந்ததை எழுதவேண்டும் என்று வைத்துக்கொண்டால் பாதி நேரம் எழுத ஒன்றும் இருக்காது, அல்லது ‘ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் மறுப்பார்’ என்று முடியும். அது குறையா என்பதைப் படிப்பவர் முடிவுசெய்யட்டும். இரவில் மெதுவாக ஓட்டுவார் என்ற வரி அவரைக் கெடுப்பதில்லை. பொருந்தாத வீட்டில் போய் மூன்றாம் மாதம் விலக்கப்படுவதிலிருந்து காக்கிறது. சட்டத்தைக் காட்டிப் பயப்படுபவர்களுக்கும் ஒன்று: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஐப் போலவே, கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு அவரிடம் சொல்லும் எச்சரிக்கையை அவதூறாகக் கொள்வதில்லை. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் உரிய கவனம் என்றும் பொருள் இருப்பதால், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது இங்கே பாதுகாப்பும் ஆகிறது. எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில், இந்தியிலோ தமிழிலோ வங்காளத்திலோ, வாய்விட்டுப் படித்துக்காட்டி, திறந்த தாளாகவே கையில் கொடுக்கவேண்டும். நேருக்கு நேர் படிக்கக் கூசும் வரி எதுவோ அதுதான் பெரும்பாலும் எழுதத் தகாத வரி.

போன் போட்டுக் கேட்டால் போதாதா, போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறதே என்பது மற்றொரு கேள்வி. போலீஸ் விசாரணை முகவரியும் வழக்கு உண்டா என்பதும் சொல்லும். மீன் குழம்பு வைக்கத் தெரியுமா என்று சொல்லாது. போன் நல்லதுதான். ஆனால் அதில் சொல்லப்படுவது வேலை செய்பவருக்குக் கேட்பதில்லை, மறுக்க அவருக்கு வழியுமில்லை. இரண்டு ஆண்டு கழித்து அழைத்தால் பழைய முதலாளிக்கு ஞாபகத்தில் நிற்பது உடைந்த பம்பர் மட்டுமாகவும் இருக்கலாம். கடிதம் இருந்தால் போன் அதைச் சரிபார்க்கிற வேலையை மட்டும் செய்யும்.

என்னால் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. கடிதத்தை எழுதுவது எப்போதும் ஒரே தரப்பு. சம்பளம் பிடித்த வீடு, கை நீட்டிய வீடு, அதற்கும் மோசமான வீடு ஆகியவற்றிலிருந்து ஓடிவந்த பெண்ணுக்கு யார் எழுதுவார்கள்? நல்ல கடிதங்கள் பெருகப் பெருக, கடிதம் இல்லாமை தானே ஒரு கரும்புள்ளியாகிவிடும். வீட்டு வேலையாளருக்கென்று தனிச் சட்டம் நாட்டில் இல்லை. அதைப் பரிசீலிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் சொல்லவேண்டியிருந்தது. எனவே கடிதம் கேட்கிற குடும்பம், அது இல்லாதவருக்கும் ஒரு வழி வைத்திருக்கவேண்டும். ஏன் விலகினீர்கள் என்று விசாரிப்பதைவிட, முழுச் சம்பளத்தோடு இரண்டு வாரம் வேலை கொடுத்துப் பார்க்கலாம். டிரைவர் என்றால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒருநாள் காலையிலும் ஒருநாள் மாலை ஐந்தரைக்கு மழையிலும் பள்ளிவரை போய்வந்தால் தெரிந்துவிடும்.