மஞ்சள் கருவே, என்னை மன்னித்துவிடு!

ஒன்றரை வருடமாக ஒரு தெருநாய்க்கு மஞ்சள் கரு ஊட்டி வளர்த்திருக்கிறேன். காலையில் ஜிம் முடிந்து வந்ததும் ஆறு முட்டையை அவிப்பேன். வெள்ளைக்கரு எனக்கு, ஆறு மஞ்சளும் வாசலில் காத்திருக்கும் செவலைக்கு. “தம்பி, மஞ்சள்ல வெறும் கொழுப்புதான், தூக்கிப் போட்ரு” என்று ஜிம் மாஸ்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவிலேயே பளபளவென்ற உடம்பு அந்த நாய்க்குத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“நாமக்கல்லுல இருந்து லாரி ஏறி வர்ற முட்டையில பாதியை நாய்க்குப் போடறதுக்கா கண்ணு காசு குடுக்கறே?” என்று அம்மா ஒருநாள் கேட்டபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முட்டையில் புரதம் சுமார் ஆறு கிராம். அதில் மூன்றரை கிராம் வெள்ளையில் இருக்கிறது. மீதி இரண்டரை கிராமுக்கு மேல் மஞ்சளில்! ஆக, ஆறு வெள்ளைக்கருவில் எனக்குக் கிடைத்தது இருபத்தொரு கிராம். மூன்று முட்டையை முழுசாகச் சாப்பிட்டாலே பதினெட்டு, பத்தொன்பது கிராம் வந்துவிடும். இந்த இரண்டு மூன்று கிராமுக்காகவா தினமும் மூன்று முட்டை கூடுதலாக வாங்கினேன்?

மறுநாளே மூன்று முழு முட்டைக்கு மாறினேன். அடடா, அந்தச் சுவை! ரப்பர் மாதிரி வெள்ளையை மென்று மென்று நாக்கு செத்துப்போயிருந்தது. மிளகுத்தூள் தூவி, கொழகொழவென்று ஒரு கலக்கியை வாயில் வைத்ததும் கண்ணே கலங்கிவிட்டது. அதைவிடப் பெரிய அதிசயம் பதினோரு மணிக்கு நடந்தது, அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்கு வயிறு கூப்பாடு போடும். டீக்கடையில் இரண்டு வடையும் ஒரு பஜ்ஜியும் உள்ளே போகும். அன்றைக்கு மதியச் சாப்பாடு வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. மஞ்சளில் உள்ள கொழுப்பு உணவை இரைப்பையிலிருந்து மெதுவாக இறக்குகிறது, அதுதான் காரணம். ஆறு வெள்ளையில் நூறு கலோரி, மூன்று முழு முட்டையில் இருநூற்றுப் பத்துக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் நான் மிச்சம் பிடித்த நூறு கலோரியை வடைக்காரர் வட்டியோடு வசூல் செய்துகொண்டிருந்தாரே!

தசைக்கு எது நல்லது? 2017-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். பத்து இளைஞர்கள் எடைப் பயிற்சி முடித்ததும் ஒருமுறை மூன்று முழு முட்டை, இன்னொருமுறை அதே பதினெட்டு கிராம் புரதம் வரும் அளவுக்கு வெள்ளைக்கரு. முழு முட்டை சாப்பிட்டபோது தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம் சுமார் 40 சதவீதம் அதிகம்! ஆனால் அது சில மணி நேரத்துக்கான அளவு. பின்னால் முப்பது பேரைப் பன்னிரண்டு வாரம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் மூன்று முழு முட்டைக்காரர்களுக்கும் ஆறு வெள்ளைக்காரர்களுக்கும் தசை எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, வலுவில்தான் முழு முட்டை முந்தியது. ஆகவே மஞ்சள் தின்றால் புஜம் ஊதிவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

சத்து விஷயத்தில் சத்தியம் செய்வேன். வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் கொழுப்பில் கரைபவை, அதனால் மஞ்சளோடுதான் குடியிருக்கின்றன. வெள்ளையில் இவை கிடையாது. பி12-உம் பெரும்பாலும் மஞ்சளில்தான். நரம்பிலிருந்து தசைக்கு ‘சுருங்கு’ என்று கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை உடம்பு தயாரிக்கக் கோலின் என்ற சத்து வேண்டும். ஆணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 550 மில்லிகிராம். மூன்று மஞ்சளில் சுமார் 440 வந்துவிடுகிறது. இத்தனையும் செவலைக்குப் போய்க்கொண்டிருந்தது!

வெள்ளைக்கருவை நான் முழுசாகத் தள்ளிவைக்கவில்லை. போட்டிக்காக உடம்பை வற்ற வைக்கும் நாட்களில் இரண்டு முழு முட்டையோடு மூன்று வெள்ளை சேர்த்துக்கொள்கிறேன், புரதம் ஏறும், கலோரி ஏறாது. ஒரு மஞ்சளில் 185 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. பெரும்பாலோருக்கு அது ரத்தத்தில் அதிகம் ஏறுவதில்லை, சிலருக்கு ஏறும். சர்க்கரை நோயோ இதய நோயோ கெட்ட கொலஸ்ட்ராலோ உள்ளவர்கள் எத்தனை மஞ்சள் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், என்னிடம் அல்ல.

பச்சையாக உடைத்துக் குடிக்கும் ஜிம் சிங்கங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேர்கிறது, வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு. அடுப்பைப் பற்ற வையுங்கள். தண்ணீர் கொதித்ததும் ஒன்பது நிமிடம் போதும். மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம், கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். செவலைக்கு இப்போது பிஸ்கட்தான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.