ஒரு தலைச்சொல்லா, இரண்டா?

மலர்க்குழுச் செயலர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, "அகராதி மரபுகள் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்" என்றார். சங்கத்து மூத்தவர்கள் இருக்கும்போது நான் எழுதுவது சரியா என்று தயங்கினேன். அவர்களே என்னைக் கைகாட்டியதாகத் தெரிந்த பிறகு மறுக்க வழியில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று வரிசை சொல்லி இந்தச் சபையின் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள் இருந்தால், அது இரு பொருளுடைய ஒரு சொல்லா, ஒரே முகமுடைய இரண்டு சொற்களா?

நிகண்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. சூடாமணியின் பதினோராம் தொகுதியில் எதுகை வரிசையில் சொற்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள்கள் எல்லாம் ஒரு விருத்தத்துக்குள் அடங்கும். செய்யுள் இயற்றுபவனுக்கும் சிலேடை கட்டுபவனுக்கும் வேண்டியது அதுதான். அந்தப் பொருள்கள் ஒரு வயிற்றில் பிறந்தவையா, வழியில் சேர்ந்துகொண்டவையா என்பது காளமேகத்துக்கு எதற்கு? தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும்போதும், வாக்கியத்தில் வரும் வினை பொருளைத் தெளிவாக்குகிறதா இல்லையா என்றுதான் பார்க்கிறார். அது படிப்பவன் நோக்கில் எழுந்த கேள்வி. தலைச்சொல் இடுபவனின் கேள்வி அகரவரிசை வந்த பிறகு, அதிலும் சொற்பிறப்பு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கூர்மை பெற்றது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி தலைச்சொல்லின் தோளில் சிறிய எண்ணை ஏற்றியது. அந்த மேலெண் சொல்வது இதுதான்: இவை தோற்றத்தில் ஒன்று, பிறப்பில் வேறு.

எங்கள் ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு அந்த எண்ணின் மேல் ஒரு பக்தி உண்டு. அவர் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார். சங்கத்தாருக்கு யாரென்று தெரியும். வகுப்பில் அவர் முதலில் எடுக்கும் சொல் 'ஆறு'. கரும்பலகையில் நான்கு பொருள்களை எழுதுவார்: தணிதல், எண், நதி, வழி. "இவற்றில் எத்தனை சொல்? சீட்டைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே" என்பார். சொல் வரும் இடங்களைச் சீட்டில் எழுதி அடுக்காமல் அவரிடம் யாரும் பேச முடியாது.

முதலில் பிரிவது வினை. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. சோறு ஆறினால் சூடு போகிறது. புண் ஆறினால் தோல் மூடுகிறது. இவற்றை ஏன் இரண்டு வினையாகப் பிரிக்கவில்லை என்று ஒரு மாணவர் கேட்டார். ஆசிரியர் கன்னடத்தைக் காட்டினார். அங்கேயும் 'ஆறு' என்ற வினை சோற்றுக்கும் புண்ணுக்கும் வருகிறது. அதோடு ஈரத்துணி காய்வதற்கும் விளக்கு அணைவதற்கும் வருகிறது. தற்செயலாகச் சேர்ந்த பொருள்கள் என்றால் பக்கத்து மொழியிலும் அதே கூட்டமாகச் சேர்ந்து நிற்பது அரிது. மிகுதியாக இருந்தது அடங்குவது என்ற ஒரு கரு இத்தனை கிளை விட்டிருக்கிறது. ஆகவே ஒரு தலைச்சொல், உள்ளே பொருள் எண்கள். பல்பொருள் ஒருசொல் என்று நாம் சொல்வதற்கு இது நல்ல மாதிரி.

அடுத்து எண். இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டாம், வேற்றுமை உருபு ஏற்றிப் பார்த்தால் போதும். பழமொழி இரண்டு உண்டு. ஆறிலும் சாவு, நூறிலும் சாவு என்பது ஒன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது மற்றது. எண் 'ஆறில்' என்று வரும். நதி 'ஆற்றில்' என்று றகரம் இரட்டித்து வரும். எந்தக் கிராமத்துப் பாட்டியும் இதை மாற்றிச் சொல்ல மாட்டாள். தொகைச்சொல்லில் எண் குறுகி அறுபது, அறுமுகம், அறுசுவை என்று ஆகும். நதி அப்படிக் குறுகுவதில்லை. இரண்டு சொற்களும் வெவ்வேறு இலக்கணத்தில் நடக்கின்றன.

மிஞ்சுவன நதியும் வழியும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டும் பெயர்; இரண்டும் உருபேற்றால் 'ஆற்று' என்றுதான் நிற்கும். இலக்கணம் இங்கே உதவாது. பொருளோ சேர்ந்துகொள்ளத் துடிக்கிறது: நீர் செல்லும் வழிதானே ஆறு? மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எங்கள் ஆசிரியர் கைதட்ட மாட்டார். "பழைய வடிவத்தைக் காட்டு" என்பார்.

பழைய வடிவம் யாறு. சங்க நூல்களில் நதி அப்படித்தான் நிற்கிறது. கான்யாறு என்ற சொல்லை நாம் அறிவோம். யகரம் தேய்ந்து ஆகாரம் முதலான சொற்கள் பல: யானை ஆனை ஆயிற்று, யாடு ஆடு ஆயிற்று, கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் யாண்டு இன்று ஆண்டு. தெலுங்கு இதே இடத்தில் வேறு வழி போனது. நம் யானை அங்கே ஏனுகு. யாண்டு அங்கே ஏடு. யாறு அங்கே ஏறு. ஒரே ஒலிமாற்றம் மூன்று சொல்லிலும் பிசகாமல் நடந்திருக்கிறது. நதியைக் குறிக்கும் சொல் யகரத்தோடு பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எண்ணைக் குறிக்கும் ஆறு தெலுங்கிலும் ஆறு என்றே நிற்கிறது, ஏறு ஆகவில்லை. அதன் பிறப்பு இன்னும் வேறு: கோண்டி மொழியில் ஆறு என்பது 'சாரூங்'. அங்கே சகரம் மிஞ்சியிருக்கிறது, நம்மிடம் விழுந்துவிட்டது.

வழி என்ற பொருளுடைய ஆறோ யகரம் இல்லாமலே பழைய நூல்களில் நடக்கிறது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையை யாற்றுப்படை என்று எழுதியவர் இல்லை. வரலாறு, செய்யுமாறு என்ற சொற்களின் உள்ளே இருப்பதும் அந்த வழிதான். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துப் பாருங்கள்: வழி ஆகார வரிசையில் இருக்கும், எண் சகர வரிசைக்குப் போயிருக்கும், நதி யகரத்தில் இருக்கும். நான்கு பொருள், நான்கு சொல். ஒலி தேய்ந்து தேய்ந்து நான்கும் ஒரே வடிவத்தில் வந்து மோதியிருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் ஆசிரியர் மறக்காமல் சொல்வார். திருவையாற்றைக் காட்டி 'இதோ யாறு' என்று ஓடி வராதே. ஐ என்பதற்குப் பின் உயிர் வந்தால் யகரம் தானே உடம்படுமெய்யாகத் தோன்றும். அங்கே இருப்பது பழைய யகரமா, புணர்ச்சி யகரமா என்று அந்த ஊர்ப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மெய்யீற்றுக்குப் பின் வரும் கான்யாறு போன்றதே சாட்சியாகும்.

இதற்கு நேர்மாறான சொல் ஒன்று உண்டு: நகை. சிரிப்பு ஒரு பொருள், அணிகலன் ஒரு பொருள். நகைக்கடைக்குப் போகிறவர் யாரும் சிரிப்பை நினைப்பதில்லை. பேசுபவர் மனத்தில் இவை இன்று இரண்டு. ஆனால் நகு என்ற வினைக்குச் சிரித்தல், ஒளிர்தல் என்ற இரண்டும் உண்டு. பல் ஒளிரச் சிரிப்பதும் பொன் ஒளிர மின்னுவதும் அங்கே சேர்கின்றன. வரலாற்றுப் பள்ளியார் ஒரு தலைச்சொல்லில் வைப்பார்கள். பாவாணர் வழிவந்தவர்கள் வேர் தேடிச் சேர்ப்பதில் இன்னும் முனைப்பானவர்கள். அவர்கள் இயக்ககம் 1974இல் தொடங்கிய பேரகரமுதலியின் உயிரே அந்தத் தேடல்தான். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியோ இன்றைய வழக்கை எடுத்துக்கொண்டது. இன்றைய வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொள்கிறவர் நகையை இரண்டாகப் பிரித்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். அவர் கேட்கும் கேள்வி வேறு. ஆனால் அதே அளவுகோலால் நதியையும் வழியையும் சேர்ப்பாரா? வழி என்ற பொருளில் ஆறு இன்று தனித்து வழங்குவதில்லை. வருமாறு, போகுமாறு என்று ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. ஆக அவருக்கும் அவை இரண்டுதான். பள்ளிகள் மோதுகிற இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எந்தச் சோதனையை முதலில் வைத்தார்கள் என்பதை முன்னுரையில் சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

இனி என் ஆதங்கத்தைச் சொல்ல விடுங்கள். யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. நல்ல உழைப்பாளிகள், வணிக நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆயினும் இப்போது வரும் கையடக்க அகராதிகள் சிலவற்றில் மேலெண் காணாமல் போய்விட்டது! பெரிய அகராதியிலிருந்து தட்டச்சு செய்யும்போது அந்தச் சிறிய எண் விழுந்துவிடும். விழுந்ததும் ஒரே சொல் நான்கு முறை வருவது பிழையாகத் தோன்றும். பிழை திருத்துபவர் நான்கையும் ஒன்றாக்கி நடுவே அரைப்புள்ளி போட்டுவிடுவார். நதி; எண்; வழி; தணிதல். முடிந்தது கதை! அந்த ஒரு அரைப்புள்ளியில் யாண்டும் ஏனுகும் சாரூங்கும் புதைந்துபோகின்றன. அதே பதிப்பை வைத்து அடுத்தவர் நகல் எடுக்கிறார். பள்ளிப் பயிற்சியில் 'இருபொருள் தருக' என்று ஆறும் நகையும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. பிள்ளைகள் இரண்டும் ஒரே வகை என்று எண்ணி வளர்கிறார்கள். நாளை இவர்கள்தான் ஆசிரியர்கள், பிழை திருத்துபவர்கள், அகராதிக்காரர்கள். சீட்டு எழுதத் தெரிந்த கடைசித் தலைமுறை நாமோ என்று இரவில் எனக்குத் தூக்கம் கெடுகிறது. எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு எண்ணுக்கு இத்தனை புலம்பலா என்று இளைய உறுப்பினர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த எண்ணை இடுவதற்கு ஒருவர் எத்தனை நூலைப் புரட்டினார் என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

மூத்தவர்கள் இதில் ஓர் ஏற்பாடு செய்யலாம். நம் சங்கத்தின் சொல்தொகுப்பு அச்சுக்குப் போகும்போது, ஒரே வடிவத் தலைச்சொற்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிரித்ததற்கான காரணத்தை ஒரு சொல்லில் குறிக்க வேண்டும்: உருபு, வினை, பழவடிவம், கடன். காரணம் எழுத முடியாத இடத்தில் பிரிக்கக் கூடாது. அங்கே ஒரு தலைச்சொல்லே இருக்கட்டும். அச்சகத்துக்குப் படியோடு அந்தப் பட்டியலும் போக வேண்டும். கடைசி மெய்ப்பில் மேலெண் இருக்கிறதா என்று அதை வைத்து ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைக் குழு எனக்குத் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து மட்டும் வேறொருவருடையதாக இருக்கட்டும்.