2600 என்ற எண்ணும் 372 என்ற எண்ணும்

லித்தியம் மின்கலத்தின் உறையில் 2600 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், அதை ஒரு சோதனைக்கூடம் அளந்து சரிபார்க்க முடிய வேண்டும். அளப்பதற்காகக் கலத்தை ஏற்றும் வழக்கமான வழி இது: முதலில் மின்னோட்டத்தை நிலையாக வைத்துச் செலுத்துவது, பிறகு மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைத் தானாகக் குறைய விடுவது. இந்த வழி இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்குகிறது. ஆனால் அதனிடம் கேட்கப்படும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

இந்தியாவில் பெரும்பாலும் விற்பனைக்கு வரும் முழு மின்கலத்தைப் பற்றிய கேள்வி அது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16047 (பகுதி 3), சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61960-3ஐ ஒட்டியது. 2600 என்று குறித்த 18650 வகைக் கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் அதை முழுதாக இறக்குவார்கள். பிறகு தயாரிப்பாளர் சொன்னபடி ஏற்றுவார்கள்: 1300 மில்லி ஆம்பியரில் தொடங்கி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த மின்னழுத்தத்தைப் பிடித்து, மின்னோட்டம் 130க்கு இறங்கும்வரை காத்திருப்பது வழக்கமான முறை. ஒரு மணி நேரமாவது ஓய்வு. பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கான 520 மில்லி ஆம்பியரில், தயாரிப்பாளர் குறித்த கீழ் எல்லைவரை இறக்குவார்கள். இதற்கு 5 மணி 6 நிமிடம் ஆனால் 520ஐ 5.1ஆல் பெருக்கி 2652 என்று எழுதுவார்கள்; கலம் தேறிவிட்டது. குறைந்தால் மறுபடி சுற்றலாம். ஐந்து சுற்றுவரை தரம் இடம் கொடுக்கிறது.

ஏற்றும்போது மின்னோட்டம் 130க்கு இறங்கும்வரை காத்திருப்பது எதற்கு? கம்பியும் கலத்தின் உள்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்று வையுங்கள். 1300 மில்லி ஆம்பியர் ஓடும்போது 0.13 வோல்ட் அந்தத் தடையிலேயே போய்விடும். கருவி 4.2 காட்டும், கலத்தின் உள்ளே 4.07தான் இருக்கும். அங்கேயே நிறுத்தினால் கலம் நிரம்பியிருக்காது. மின்னோட்டம் 130க்கு வந்ததும் பிழை 0.013 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். கம்பியால் வரும் பங்கைப் போக்க, மின்னழுத்தம் அளக்கும் கம்பிகளைத் தனியே கலத்தின் முனையிலேயே தொடுவிக்க வேண்டும். மின்னோட்டம் குறைந்துகொண்டே வராமல் நடுவில் ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால், உள்ளே மெல்லிய கசிவு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அறை வெப்பமும் கணக்கில் வரும். தரம் கேட்பது 20 டிகிரி, ஐந்து கூடக்குறைய. சென்னை வெயிலில் 35 டிகிரியில் அளந்தால் எண் ஏறும். அந்த ஏற்றம் கலத்தின் தகுதி ஆகாது.

இலங்கையில் கதை மண்ணிலிருந்து தொடங்குகிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் கிராஃபைட்டை லித்தியம் கலத்தின் எதிர்முனைக்குப் பயன்படுத்தலாமா என்று கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட ஆய்வுக்கூடங்கள் ஆராய்ந்துவருகின்றன. இங்கே கேள்வி ஒரு கலம் தேறுமா என்பதல்ல. ஒரு கிராம் கிராஃபைட் எவ்வளவு லித்தியத்தை ஏற்கும் என்பது. கோட்பாட்டு எல்லை கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி.

இதை அளக்க நாணய வடிவக் கலத்தில் கிராஃபைட்டை ஒரு பக்கமும் லித்தியத் தகட்டை மறுபக்கமும் வைக்கிறார்கள். இந்த அமைப்பில் திசை தலைகீழ். கிராஃபைட்டுக்குள் லித்தியம் நுழைவது, இங்கே கலம் இறங்கும் வேளையில் நடக்கிறது. நுழைவின் கடைசிக் கட்டம் 0.1 வோல்ட்டுக்கும் கீழே நடப்பதால், தடையில் போகும் சில பத்து மில்லி வோல்ட்கூட அதை முன்கூட்டியே முடித்துவிடும். ஆகவே சுழியத்துக்குச் சற்று மேலே மின்னழுத்தத்தைப் பிடித்துக் காத்திருந்தால் மீதி லித்தியமும் நுழையும். சுழியத்துக்குக் கீழே போனால் லித்தியம் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படியும். அந்தப் பிடித்தலோடு அளந்ததையும், நிலையான மின்னோட்டத்தில் மட்டும் அளந்ததையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடலாகாது.

இங்கே பெரிய பிழை தராசில் இருக்கிறது. மின்முனையில் 5 மில்லிகிராம் கிராஃபைட் என்றால் கொள்ளளவு 1.86 மில்லி ஆம்பியர்-மணிதான். செப்புத் தகட்டின் எடையைக் கழிக்கும்போது 0.2 மில்லிகிராம் தவறினால் விடை நான்கு விழுக்காடு நகரும். 372 என்பது 388 ஆகிவிடும். எனவே 372ஐத் தாண்டிய எண் வந்தால் மகிழ்வதற்கு முன் மறுபடி நிறுக்க வேண்டும். முதல் சுற்றில் நுழைந்த லித்தியத்தில் ஒரு பகுதி கிராஃபைட்டின் மேற்படலமாக மாறித் திரும்பாமல் போகிறது. அதனால் வெளியே வந்த அளவையே நம்ப வேண்டும்.

இந்தியாவிலும் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இந்த நாணயக் கல வேலை நடக்கிறது. ஆகவே வேறுபாடு நாட்டின் எல்லையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 2600 என்ற எண் சான்றிதழில் கையெழுத்தாக முடிகிறது. 372ஐ நோக்கிய எண், சுரங்கக் கல்லை இன்னும் சுத்திகரிக்க வேண்டுமா என்று சொல்கிறது. எந்த மின்னோட்டத்தில் ஓட்டினோம், எந்த மின்னழுத்தத்தைப் பிடித்தோம், எங்கே நிறுத்தினோம் என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதாமல் இரண்டையும் படிக்க முடியாது.